தம்பி போன பிறகு பேசாத கணவர்: எட்டுக் கோப்பை என்றாலே பிரிவா?

கேள்வி: என் கணவரின் தம்பி ஐந்து மாதத்துக்கு முன்னால் மாரடைப்பில் திடீரென்று தவறிவிட்டார். அன்றிலிருந்து என் கணவர் என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை. எதைக் கேட்டாலும் 'ம்', 'சரி', 'பார்க்கலாம்', அவ்வளவுதான். ஆனால் ஆபீஸ் நண்பர் போன் செய்தால் சிரித்துப் பேசுகிறார். ராத்திரி நான் தூங்கின பிறகு என் போனை எடுத்து சார்ஜில் போட்டு வைப்பார், அது மட்டும் இன்னும் மாறவில்லை. தம்பிக்குப் பணம் கொடுப்பது பற்றி எங்களுக்குள் முன்பு வாக்குவாதம் இருந்தது, அது பழைய கதை. கார்டு போட்டுப் பலன் பார்க்கும் டாரட் எனக்குக் கொஞ்சம் தெரியும். 'மௌனத்துக்குக் காரணம் என்ன, என்னைப் பற்றி என்ன நினைக்கிறார், இது எங்கே போய் முடியும்' என்று மூன்று கார்டு போட்டேன். நான்கு வாள், ஐந்து கோப்பை, எட்டுக் கோப்பை வந்தன. கடைசி கார்டைப் பார்த்ததிலிருந்து நிம்மதி இல்லை. மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறேன். இது துக்கமா, இல்லை என்னை விட்டு விலகுகிறாரா?
(பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்த மறுபடி மறுபடி போடுவதை நிறுத்துங்கள். டாரட் கட்டுக்குள் இருப்பது 78 கார்டு. அதில் முகம் திருப்பியவர், தனியாக உட்கார்ந்திருப்பவர், நடந்து போகிறவர், கண்ணைக் கட்டிக்கொண்டவர் என்று மௌனமாகத் தெரியும் படங்கள் ஏராளம். பயத்தோடு போட்டுக்கொண்டே இருந்தால் அதில் ஒன்று வந்தே தீரும். வந்ததும் 'பார், சொன்னேன் இல்லையா' என்று மனம் பிடித்துக்கொள்ளும். நடுவில் வந்த நல்ல கார்டுகளை நீங்கள் ஒன்றுகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

அடுத்தது ஸ்ப்ரெட், அதாவது எந்த இடத்தில் விழும் கார்டு எந்தக் கேள்விக்குப் பதில் என்று நீங்கள் வகுத்துக்கொண்ட அமைப்பு. உங்கள் இரண்டாவது இடம் 'என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்' என்பது. எதிரில் இல்லாத ஒருவரின் மனதைக் கார்டு திறந்து காட்டும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். இந்த இடத்தை வைத்துவிட்டாலே எந்தக் கார்டு வந்தாலும் அது உங்களைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. தம்பியை நினைத்து அழுகிற கார்டு அங்கே விழுந்தால்கூட 'என்னால் இவருக்கு ஏமாற்றம்' என்றுதான் படிக்கத் தோன்றும். ஐந்து கோப்பைக்கு நடந்தது அதுதான்.

சரி, வந்த மூன்றையும் பார்ப்போம். நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 1909-ல் லண்டனில் வெளியான ரைடர்-வெய்ட் கட்டாகவோ அதை ஒட்டி வந்ததாகவோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தப் படங்களில் ஐந்து கோப்பையும் எட்டுக் கோப்பையும் முதல் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டிலும் அங்கி போர்த்திய ஒரு ஆள், இரண்டிலும் கீழே கோப்பைகள், இரண்டிலும் அவர் முகம் நமக்கு இல்லை. துக்கத்தையும் விலகலையும் பிரித்துப் பார்க்க இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஐந்து கோப்பையில் அங்கி கறுப்பு. மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது, இரண்டு நிமிர்ந்து நிற்கிறது. அவர் தலை கவிழ்ந்ததை நோக்கிக் குனிந்திருக்கிறது, நிற்கும் இரண்டும் முதுகுக்குப் பின்னால். ஆற்றுக்கு மேல் ஒரு பாலம், அக்கரையில் வீடு. அவர் பாலத்தின் பக்கம் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறார். எட்டுக் கோப்பையில் அங்கி சிவப்பு, கையில் கோல், மேலே நிலா. எட்டுக் கோப்பையும் அடுக்கி வைத்தபடி முழுசாக இருக்கிறது, ஒன்றும் கவிழவில்லை. ஆனால் மேல் வரிசையில் ஒரு இடைவெளி. அவர் அந்த அடுக்கை விட்டுவிட்டு நடக்கிறார்.

ஐந்தில் இருப்பவர் எதையோ *பார்த்துக்கொண்டு* நிற்கிறார், அதனால் மற்றதெல்லாம் அவருக்கு முதுகுப் பக்கம் போய்விட்டது. எட்டில் இருப்பவர் எதையோ *விட்டுவிட்டு* நடக்கிறார். வீட்டில் இரண்டுமே ஒரே மாதிரிதான் தெரியும்: உங்களுக்கு முதுகு. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். அவர் வாய் எப்போது மூடிக்கொள்கிறது? தம்பியைத் தொடும் எதுவாக இருந்தாலும் மூடிக்கொள்கிறதா, உங்களைத் தொடும் எதுவாக இருந்தாலும் மூடிக்கொள்கிறதா?

முதல் இடத்தில் வந்த நான்கு வாளில் கல்லறை மேல் ஒரு வீரனின் உருவம், கைகள் கூப்பியபடி படுத்திருக்கிறது. மூன்று வாள் மேலே சுவரில் அவனை நோக்கித் தொங்குகிறது, ஒன்று மட்டும் கீழே படுக்கையோடு படுக்கையாக இருக்கிறது. இந்தக் கட்டை வடிவமைத்த வெய்ட் 1910-ல் எழுதிய விளக்கத்தில் இந்தக் கார்டுக்கு ஒதுங்கியிருத்தல், தனிமை என்ற பொருள்களோடு கல்லறையையும் சவப்பெட்டியையும் ஒரே மூச்சில் சேர்த்துவிடுகிறார். அதாவது நீங்கள் துக்கமா விலகலா என்று கேட்டதற்கு உங்கள் முதல் கார்டே இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. மூன்றாவது கார்டு பயமுறுத்தியதில் இது உங்கள் கண்ணில் படாமல் போய்விட்டது.

எட்டுக் கோப்பை? அதைப் பூசி மெழுகப் போவதில்லை. அது விட்டுப் போகிற கார்டுதான். ஆனால் எதை விட்டு என்று அந்தக் கார்டு மட்டும் தனியாகச் சொல்லாது, பக்கத்தில் இருப்பவைதான் சொல்லும். கல்லறைக்கும் கவிழ்ந்த கோப்பைக்கும் பிறகு வரும் எட்டுக் கோப்பையை, இனி தம்பி இல்லாத வாழ்க்கைக்குள் நடக்க வேண்டிய ஒருவராகப் படிப்பது உங்கள் வாசிப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அந்த இடைவெளியில் இருந்திருக்க வேண்டிய கோப்பை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். இதுதான் சரி என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மூன்று கார்டால் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் ஸ்ப்ரெட்டில் இடமே இல்லை.

அதனால் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஐந்து இடம் உள்ள ஒன்றைப் போட்டேன். நடுவில் ஒரு கார்டு: வெளியே தெரியும் மௌனம். இடப்பக்கம்: சாவோடு சேர்ந்து போனது எது. வலப்பக்கம்: சாவுக்கு முன்பே உங்கள் இருவருக்குள் இருந்தது எது. மேலே: இன்னும் திறந்திருக்கும் வழி. கீழே: உங்கள் பங்கு. இதில் முக்கியமானது வலப்பக்கம். துக்கத்துக்கு ஒரு தொடக்கத் தேதி உண்டு. விலகலுக்குப் பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முன்பே வேர் இருக்கும். எந்த இடத்திலும் 'அவர் என்ன நினைக்கிறார்' இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வந்தது இரண்டு வாள். கண்ணைக் கட்டிக்கொண்ட ஒரு பெண், மார்பின் குறுக்கே இரண்டு வாளைப் பிடித்தபடி கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வாய் கட்டப்படவில்லை, கண்தான் கட்டியிருக்கிறது. பேச முடியாததைவிட, பார்க்க விரும்பாத ஒன்று எதிரில் இருக்கிறது என்று இதைப் படிப்பேன். இரண்டு வாளும் சம எடை, எதை இறக்கினாலும் சாய்ந்துவிடும்.

இடப்பக்கம் ஆறு கோப்பை. பழைய தோட்டம், பூ நிறைந்த கோப்பைகள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு ஒன்றை நீட்டுகிறது. இதற்கு விளக்கமே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். கூடப்பிறந்தவர் போகும்போது நம் சின்ன வயதுக்கு இருந்த சாட்சியும் போய்விடுகிறது. மனைவி எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அந்தத் தோட்டத்தில் இருந்தவர் இல்லை. உங்களிடம் அவர் பேசாததில் ஒரு பகுதி, பேசினால் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும் என்ற அலுப்பாகக்கூட இருக்கலாம்.

வலப்பக்கம் வந்ததைப் பார்த்துவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆறு நாணயம். கையில் தராசு பிடித்த ஒரு செல்வந்தர், கீழே மண்டியிட்டுக் கை நீட்டும் இரண்டு பேர். ஒருவருக்கு அளந்து போடுகிறார். தம்பிக்குப் பணம் கொடுப்பது பற்றி வாக்குவாதம் இருந்ததாக ஒரே வரியில் எழுதி, 'பழைய கதை' என்று முடித்துவிட்டீர்கள். உங்களுக்குப் பழைய கதை. அவருக்கு அது அப்படியா என்று தெரியாது. கொடுத்திருக்கலாம் என்று அவருக்குள் ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்கலாம். வேண்டாம் என்று சொன்னது நீங்கள் என்பதும் அந்தக் குரலோடு சேர்ந்தே வரலாம். இறந்தவரோடு இனி அவரால் பேச முடியாது. உங்களோடு பேச ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று பயமாக இருக்கும். நடுவில் இருக்கும் பெண் தூக்கிப் பிடித்திருக்கும் இரண்டு வாள் இவைதான் என்று நினைக்கிறேன்: தன் மேல் இருக்கும் குற்ற உணர்வு ஒன்று, உங்கள் மேல் இருக்கும் கோபம் ஒன்று.

அப்படியென்றால் உங்கள் கேள்வியில் இருக்கும் 'துக்கமா, விலகலா' என்ற பிரிப்பே சரியாகப் பொருந்தவில்லை. துக்கம்தான், ஆனால் உங்களிடம் கொண்டுவர முடியாத துக்கம். ஏனென்றால் அந்தக் கதைக்குள் நீங்களும் ஒரு பாத்திரம். ஆபீஸ் நண்பரிடம் சிரிப்பதும் இதோடு ஒத்துப்போகிறது. அந்த நண்பருக்குத் தம்பியின் பணக் கதை தெரியாது. தவிர, துக்கத்தில் இருப்பவர் நாள் முழுக்கத் துக்கமாகவே இருப்பதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் இதை விவரித்தார்கள்: மனம் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகும், இன்னொரு நேரம் அன்றாட வேலையின் பக்கம் போகும், இப்படி மாறி மாறித்தான் ஆறுகிறது. அந்த போன் அவருக்கு அன்றாடத்தின் பக்கம். நீங்கள் எதிரில் வந்தால் இழப்பின் பக்கம். சிரித்த முகம் உங்களைப் பார்த்ததும் மாறுகிறதே என்று வருத்தப்படுகிறீர்கள். அதை உங்களுக்கு எதிரான சாட்சியாக எடுக்காதீர்கள்.

மேலே கோப்பைச் சேவகன். ஒரு இளைஞன் கையிலிருக்கும் கோப்பையிலிருந்து ஒரு மீன் தலை நீட்டுகிறது, அவனும் அதைப் பார்க்கிறான். இது பெரிய காதல் கார்டு இல்லை. சின்னதாக, கொஞ்சம் வேடிக்கையாக எட்டிப் பார்க்கும் ஒரு உணர்வு. உங்கள் போன் சார்ஜ்! நீங்கள் தூங்கின பிறகு, யாரும் பார்க்காதபோது, கேட்காமல் செய்கிறார். உண்மையாகவே விலகிக்கொண்டிருப்பவர் முதலில் விடுவது இந்த மாதிரிச் சின்ன வேலைகளைத்தான். நாலு பேர் முன்னால் காட்டும் மரியாதையைக் கடைசிவரை வைத்திருப்பார். உங்கள் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது.

கீழே, உங்கள் பங்கு என்ற இடத்தில், உங்கள் ஸ்ப்ரெட்டில் வந்த அதே நான்கு வாள். சிலிர்த்துப் போக வேண்டாம். உங்கள் மூன்றில் ஏதாவது ஒன்று என் ஐந்தில் திரும்ப வருவதற்கு நூறில் சுமார் 18 வாய்ப்பு உண்டு, கணக்குப் போட்டாலே தெரியும். ஆனால் இடம் மாறினால் கார்டின் வேலை மாறும். அங்கே படுத்திருந்தது அவர். இங்கே வாளை இறக்க வேண்டியது நீங்கள். 'ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்', 'என் மேல் என்ன கோபம்', 'நாம் என்னதான் ஆகப்போகிறோம்' என்ற மூன்று கேள்வியையும் கொஞ்ச நாளைக்குச் சுவரில் மாட்டிவிடுங்கள். படுக்கைக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு வாள் மட்டும் உங்களிடம் இருக்கட்டும். அது ஒரே ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். இந்த மாதிரி இருக்கலாம்: "தம்பிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்னு நான் சொன்னது உங்க மனசுல இருக்கும்னு நினைக்கிறேன். எனக்கும் அது உறுத்துது." தம்பி என்று சொல்லும் இடத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். இறந்தவரின் பெயரை வீட்டில் யாருமே உச்சரிக்காமல் இருப்பது துக்கத்தில் இருப்பவருக்கு அக்கறையாகத் தெரிவதில்லை, மறந்துவிட்டார்கள் என்றுதான் தெரிகிறது. அன்றைக்கு நீங்கள் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்ற நியாயத்தை அதோடு சேர்க்காதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கும், அதை இப்போது சொன்னால் பழைய வாக்குவாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடும். எதிரெதிரே உட்கார வைத்துச் சொல்வதைவிட, வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நீங்களும் பேசாமல் இருங்கள். அவர் 'ம்' என்று மட்டும் சொன்னால் அன்றைக்கு அது போதும்.

சொன்ன பிறகு இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். துக்கமாக இருந்தால் அசைவு ஏற்ற இறக்கமாக இருக்கும். ஒருநாள் தம்பியைப் பற்றி ஏதோ சொல்வார், மறுநாள் மறுபடி மூடிக்கொள்வார், அதற்கும் மறுநாள் திடீரென்று எரிந்து விழுவார். கோபம் வந்தால்கூட அது பேச்சுதான், பயப்படாதீர்கள். விலகல் வேறு மாதிரி. ஏற்ற இறக்கமே இல்லாமல் சீராக இருக்கும். தம்பிக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களிலும், அடுத்த மாதச் செலவு, ஒரு பயணம், உங்கள் உடம்பு சரியில்லை என்பது போன்றவற்றிலும், உங்களைக் கணக்கில் சேர்க்காமல் முடிவுகள் நடக்க ஆரம்பிக்கும். அந்தச் சின்ன வேலைகளும் ஒவ்வொன்றாக நிற்கும். அப்படி நடந்தால் என் வாசிப்பு தவறு, அப்போது நேராகவே அவரிடம் கேட்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் கார்டை ஓரமாக வைத்துவிடுங்கள். அவர் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, குடி அதிகமாகிறது, 'நான் இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இவை எதுவும் இல்லாமல், ஏக்கமும் முடக்கமும் குறையாமல் அன்றாடத்தையே முடக்கும் அளவுக்கு நீடித்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மனநல மருத்துவத்தில் தனியாகவே பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குக் குறைந்தது 6 மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்கு இப்போது ஐந்து. அதனால் இன்றைக்கே நோய்ப் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களிலும் துளி அசைவு இல்லையென்றால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போங்கள்.

கட்டை எடுப்பதாக இருந்தால் அவரிடம் பேசிய பிறகு எடுங்கள், பேசுவதற்கு முன் வேண்டாம். ஒரே கார்டு, 'இன்றைக்கு நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்' என்ற கேள்வியோடு. எனக்கு மறுபடி எழுதுவதானால் கார்டு பெயர்களுக்கு முன்னால், அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். 'ம்' என்று மட்டும் சொல்லியிருந்தால் அதையும்.